பாட்டியின் குரலும் என் சுருக்கமும்: ஆறு அமர்வுகள் முடிந்தன

பாட்டி 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். அவருடைய பள்ளிக்கூட நினைவுகளைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்கிறேன். ஒரு அமர்வு 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அதற்குமேல் போனால் அவர் குரல் கம்மிவிடுகிறது. முதல் நாள் போனை வெறும் மேசைமேல் வைத்ததில், பேசிக்கொண்டே பாட்டி விரலால் தட்டியதெல்லாம் இடிபோலப் பதிவாகியிருந்தது. மடித்த துண்டின்மேல் வைத்ததும் சரியாகிவிட்டது.

முழுப் பேச்சையும் எழுத்தாக்க உட்கார்ந்தால் ஒரு அமர்வுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. அதனால் அமர்வுக்கு ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் 14:20 என்பதுபோல நேரம் குறித்துவைப்பேன். வேண்டியவர்கள் அந்த இடத்துக்குப் போய் அவர் குரலையே கேட்கலாம்.

மூன்றாவது அமர்வில்தான் தவறு செய்தேன். கேட்கும் நேரம் குறையட்டும் என்று Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், இடையில் வரும் மௌனங்களை வெட்டிச் சுருக்கும் Truncate Silence கொடுத்தேன். 38 நிமிடம் 31 ஆனது. அதைக் கேட்டு நான் எழுதிய வரி இது: "எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். டீச்சர் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்."

பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி, "போய்ப் பார்த்தார்" என்பதன்கீழ் கோடு போட்டார்.

"நான் போகலைடா."

மூலப் பதிவை நல்லவேளையாக அழிக்கவில்லை. திரும்பக் கேட்டேன். "அவன் வீட்டுக்கு..." என்று தொடங்கி 9 நொடி பாட்டி பேசவே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாக, "ஒரு ரெண்டு தடவை போயிருக்கலாம்" என்கிறார். மௌனத்தை வெட்டியதும் அது "போயிருப்பேன், சரியா ஞாபகமில்லை" என்ற அர்த்தத்தில் என் காதில் விழுந்திருக்கிறது. அவர் சொன்னதோ போகாமல் விட்டதை.

இப்போது மௌனத்தை வெட்டுவதில்லை. 5 நொடிக்கு மேல் நின்றால் சுருக்கத்திலும் "(மௌனம், 9 நொடி)" என்று எழுதி, அடுத்து வரும் வாக்கியத்தை அவர் சொன்னபடியே போடுகிறேன். அடுத்த அமர்வு தொடங்குமுன் பழைய சுருக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் விட்டுப்போனது பல சமயம் அப்போதுதான் வெளியே வருகிறது.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். போகலைன்னு எழுது" என்றார்.

ஆறாவது அமர்வில் அவராகவே அந்தப் பையனிடம் திரும்பி வந்தார். ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்ச். அவன் கணக்கு நோட்டு திருத்தாமல் இவரிடமே தங்கிவிட்டதாம். கடைசிப் பக்கத்தில் ஒரு வகுத்தல் கணக்கு, மீதி எழுதாமல் பாதியில் நிற்கிறதாம். அவனைப் பற்றி மட்டும் 22 நிமிடம் பேசினார். அதற்குச் சுருக்கம் இன்னும் எழுதவில்லை. மௌனங்களின் நேரத்தை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.