மூலைகள் வெட்டப்பட்ட சதுரங்கப் பலகை: விடையை எழுதக் கற்ற விதம்

மண்டல அளவிலான கணித ஒலிம்பியாட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஒரு மாதிரித் தாளில் இந்தக் கணக்கைச் சந்தித்தேன். எட்டுக்கு எட்டுப் பலகையில் மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள கட்டங்களை வெட்டிவிட்டால், அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை மறைக்கும் டோமினோக்கள் 31-ஐக் கொண்டு மீதியுள்ள 62 கட்டங்களையும் மறைக்க முடியுமா என்பது கேள்வி. 62 இரட்டைப்படை எண் என்பதால் முடியும் என்றே முதலில் நினைத்தேன். அரை மணி நேரம் வரைந்து பார்த்தும் அமையாததால், "எப்படி அடுக்கினாலும் இரண்டு கட்டங்கள் மிஞ்சுகின்றன, ஆகவே முடியாது" என்று எழுதிவைத்தேன். விடை சரி, ஆனால் மதிப்பெண் பூஜ்யம். என்னால் அடுக்க முடியவில்லை என்பதும் எவராலும் அடுக்க முடியாது என்பதும் வேறு வேறு கூற்றுகள் என்று திருத்தியவர் ஓரத்தில் குறித்திருந்தார்.

அதன்பின் நான் செய்த ஒரே நல்ல காரியம், பலகையை நான்குக்கு நான்காகச் சுருக்கிக்கொண்டதுதான். ஒரு கட்டத்தை (நிரை, நிரல்) என்று குறித்துக்கொண்டு, (1,1), (4,4) ஆகிய இரண்டையும் நீக்கினால் 14 கட்டங்கள் மிஞ்சும். ஏழு டோமினோக்கள் தேவைப்படும். முதல் நிரையில் (1,2)–(1,3) என ஒன்றை வைத்து, (1,4)–(2,4), (2,1)–(2,2), (2,3)–(3,3), (3,1)–(3,2), (4,1)–(4,2) என்று தொடர்ந்தபோது ஆறு டோமினோக்கள் அமைந்துவிட்டன. மிஞ்சியவை (3,4), (4,3). அவை முனையில் தொட்டுக்கொண்டு நிற்கின்றனவே தவிர, பக்கத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. வேறு விதமாக அடுக்கிப் பார்த்தபோதும் மிஞ்சிய இரு கட்டங்களிலும் நிரை எண்ணும் நிரல் எண்ணும் கூடிய தொகை ஒற்றைப்படையாகவே வந்தது. நீக்கிய கட்டங்களுக்கோ அந்தத் தொகை 2, 8, இரண்டும் இரட்டைப்படை.

அந்தத் தொகை ஒற்றையா இரட்டையா என்பதைத்தான் சதுரங்கப் பலகையின் கறுப்பும் வெள்ளையும் காட்டுகின்றன. தொகை இரட்டையானால் கறுப்பு, ஒற்றையானால் வெள்ளை என்று கொள்வோம். முழுப் பலகையில் ஒவ்வொரு நிறத்திலும் 32 கட்டங்கள் உண்டு. எதிர் மூலைகளான (1,1), (8,8) ஆகியவற்றின் தொகைகள் 2, 16 என்பதால் நாம் வெட்டுபவை இரண்டுமே கறுப்பு. மிஞ்சுபவை 30 கறுப்பும் 32 வெள்ளையும். பக்கத்தைப் பகிரும் கட்டத்துக்கு நகரும்போது நிரை எண்ணோ நிரல் எண்ணோ ஒன்றால் மட்டுமே மாறுவதால் நிறமும் மாறுகிறது. எனவே டோமினோவைக் கிடையாக வைத்தாலும் செங்குத்தாக வைத்தாலும் அது ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மறைத்தே தீரும். 31 டோமினோக்கள் பலகையை மறைத்தன என்று வைத்துக்கொண்டால் 31 கறுப்புக் கட்டங்கள் இருந்திருக்க வேண்டும், இருப்பதோ 30. ஆகவே மறைக்க முடியாது. விடைத்தாளில் இவ்வளவு எழுதினால் போதும். ஆனால் டோமினோ இரு நிறங்களையும் மறைக்கும் என்பதற்கான காரணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நிறுவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வினாத்தாளில் பெரும்பாலும் நிறம் தரப்படாது, வெறும் கட்டங்களே இருக்கும். நிறத்தை நாமே தீட்ட வேண்டும். எந்த நிறமிடலும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை நிரல்களை மாறி மாறி இரு நிறங்களில் தீட்டினேன். வெட்டப்படும் மூலைகள் முதல் நிரலிலும் எட்டாம் நிரலிலும் இருப்பதால் நிறத்துக்கு ஒன்றாகக் குறைந்து 31, 31 என்று சமமாகிவிட்டது. போதாக்குறைக்கு, செங்குத்து டோமினோ ஒரே நிறத்தையே இருமுறை மறைத்தது. எப்படி வைத்தாலும் மாறாத எண்ணிக்கையைத் தரும் நிறமிடலே பயன்படும்.

எண்ணிக்கை சமமாக இருந்தால் மறைத்துவிடலாம் என்ற மறுதலையைக் காரணம் காட்டாமல் எழுதுவதும் பிழையே. நீக்கப்படுபவை ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் என்றால், அவை எங்கிருந்தாலும் மறைக்க முடியும் என்று ரால்ஃப் கொமொரி நிறுவியிருக்கிறார். 64 கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுத் திரும்பும் மூடிய பாதை ஒன்றை வரைந்தால், அந்தப் பாதையில் நிறங்கள் மாறி மாறி வரும். வெவ்வேறு நிறக் கட்டங்கள் இரண்டை எடுத்துவிட்டால், எஞ்சும் துண்டு ஒவ்வொன்றிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் கட்டங்கள் இருக்கும் என்பதால் டோமினோக்களை வரிசையாக வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் நான்கு கட்டங்களை நீக்கினால் இந்த உறுதி போய்விடுகிறது: (1,2), (2,1) என்ற இரு வெள்ளைகளையும் தொலைவில் இரு கறுப்புகளையும் வெட்டினால் நிறத்துக்கு 30 என்று சமமாகவே இருக்கும், ஆயினும் (1,1) அண்டைக் கட்டம் ஏதுமின்றித் தனித்து நிற்பதால் அதன்மேல் எந்த டோமினோவையும் வைக்க இயலாது.