இன்ஃபினிட்டி ரீடிங்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று இயற்பிய வேதியியல் லேப். மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரை அமிலத்தில் நீராற்பகுக்கும் சோதனை. 100 மி.லி. அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மி.லி. எஸ்டரை விட்டு, குறித்த நேரங்களில் 5 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் கொட்டி, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்ய வேண்டும். ஐஸ் எதற்கு என்றால், பியூரெட்டைத் திறந்து மூடுவதற்குள் வினை ஓடிப் போகாமல் இருக்க. எஸ்டர் உடைய உடைய அசிட்டிக் அமிலம் சேரும், பியூரெட் ரீடிங் ஏறும். தொடக்கத்தில் 11.9, ஒரு மணி நேரம் கழித்து 15.5 சொச்சம்.

இதில் ஒரு ரீடிங் மட்டும் அன்றே கிடைக்காது. எஸ்டர் முழுக்கத் தீர்ந்த பிறகு எடுக்கும் V∞. குடுவையை மூடி வைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். நாளை 9.30-க்கு மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு இன்டர்னல் பிராக்டிகல், லேப் கிடைக்காது. மேடமே சொன்னார்: "எட்டு மணிக்கு நான் வந்து திறந்து விடறேன். லேட் பண்ணாதே." என் பார்ட்னர் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போகிறான். நான் மட்டும்தான்.

ஆகஸ்ட் 21, புதன், பகல்

எழுந்தபோது மணி பத்தேகால். அம்மா கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பாட்டி திண்ணையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "எழுப்பி விடக்கூடாதா?" என்றேன். "உன் போனு ரெண்டு தடவ கத்திச்சு. நீதானே அமுக்கின. லீவுன்னு நெனச்சேன்." எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. மூணு மணிக்குப் படுத்தவனை ஐந்தே முக்காலுக்கு எழுப்பினால் கை தனியாக வேலை செய்யும் போலிருக்கிறது.

மேடத்திடமிருந்து இரண்டு மிஸ்டு கால். 8.20, 8.50. வாட்ஸ்அப்பில் "எங்கே இருக்கே?" என்று ஒரு வரி.

முதலில் பஸ்ஸை எழுதினேன். கொள்ளிடம் பாலத்தில் டிராஃபிக், லால்குடி பஸ் நின்றுவிட்டது என்று. அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது: மேடம் வீடு நம்பர் ஒன் டோல்கேட்டில். லால்குடியிலிருந்து போகும் பஸ் எல்லாம் அவர் கண் முன்னால்தான் போகும். அழித்தேன்.

அடுத்தது காய்ச்சல். எழுதிவிட்டு நாளைய காட்சியை யோசித்தேன். நாளைக்கு இருமிக்கொண்டே போக வேண்டும். அட்டெண்டன்ஸ் போட மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்பார்கள். நம் டாக்டர் அம்மாவின் பேட்ச்மேட் வேறு. அழித்தேன்.

போன் சார்ஜ் இல்லை என்று எழுதினேன். பார்ட்னரின் ஸ்டேட்டஸை இரவு 2.45-க்குப் பார்த்திருக்கிறேன், மேடத்தின் மெசேஜுக்கு இரண்டு டிக் காலையிலேயே விழுந்திருக்கும். செத்த போனுக்கு இரண்டு டிக் விழாது.

பிறகு பாட்டிக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரி என்று எழுத ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் பாட்டி காய் நறுக்கிக்கொண்டே, "சாப்பிட்டியாடா, பழையது இருக்கு" என்கிறார். விரல் ஓடவில்லை. ஒவ்வொரு பொய்யும் இன்னும் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது, அதுதான் தொந்தரவு.

ஆகஸ்ட் 21, புதன், இரவு

பகலில் பதில் அனுப்பாமலேயே கடத்திவிட்டேன். சாயங்காலம் வேறொரு யோசனை வந்தது. இதற்கு யாரும் சாட்சி தேவையில்லை. "வந்தேன் மேடம், நீங்க போயிட்டீங்க, அண்ணன் திறந்து விட்டார், ரீடிங் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு V∞ = 24 என்று ரெகார்டில் எழுதிவிடலாம். லேப் அண்ணன் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். k என்பது வினையின் வேக மாறிலி, V0 தொடக்க ரீடிங், Vt என்பது t நிமிஷம் கழித்து எடுத்த ரீடிங்.

```
k = (2.303/t) log[(V∞ − V0)/(V∞ − Vt)]
```

V∞-ஐத் தப்பாகப் போட்டால் கிராஃப் வளையும், மேடம் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். வளையவே இல்லை! 24 என்று போட்டால் பத்தாவது நிமிஷத்துக்கு k 0.0058, அரை மணிக்கு 0.0059, ஒரு மணிக்கு 0.0060. ஸ்கேல் வைத்தால் கோடு நேர்கோடுதான். ஒரு மணி நேரத்தில் எஸ்டர் கால் பங்குதான் தீர்கிறது, அதனால் எங்கே போய் முடியும் என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்காது. k-யின் மதிப்பு மட்டும் தப்பாக இருக்கும், யாருக்கும் தெரியாமல்.

பயம் அங்கேதான் வந்தது. மற்றவை பிடிபடும் பொய்கள். இது பிடிபடாது. பார்ட்னரின் ரெகார்டிலும் இதே எண்தான் ஏறும். அதை அவனுக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

பத்து மணிக்கு மேல் மறுபடி மேடத்தின் சாட்டைத் திறந்தேன். "மேடம், தூங்கிட்டேன். மூணு மணி வரைக்கும் ரெகார்டு எழுதினேன்" என்று அடித்தேன். அதுவும் பொய்தான். ரெகார்டு பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. மிச்ச நேரம் பழைய கிரிக்கெட் மேட்ச் ஹைலைட்ஸ். ரெகார்டு வரியை எடுத்தேன்.

அனுப்பியது இதுதான்: "மேடம், நான் தூங்கிட்டேன். ராத்திரி மூணு மணி வரைக்கும் வீடியோ பார்த்தேன். அலாரத்தை நானே ஆஃப் பண்ணிருக்கேன். ரீடிங் எடுக்கலை. நீங்க எனக்காக வந்து காத்திருந்தீங்க. மன்னிச்சுடுங்க."

நீல டிக் உடனே விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நின்றேன். மேடம் திட்டவில்லை. "நேத்து காலையிலயும் ராத்திரியும் டைப்பிங், டைப்பிங்னு வந்துட்டே இருந்துச்சு. அப்புறம் நின்னுடும். திரும்ப வரும். அப்படி என்னதான் எழுதறேன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார். எனக்கு காது சுட்டது. அனுப்புவதற்கு முன் அழித்தால் தடயம் இருக்காது என்று நம்பியிருந்தேன்.

"பாட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "வருஷத்துக்கு ரெண்டு பாட்டியாவது வரும்" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, ரீடிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த எஸ்டர் பாதி தீர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நேற்று காலையிலேயே முடிந்துவிட்ட வினை, இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கும். குடுவையின் கார்க் இறுக்கமாக இருந்தால் போதும். மதியம் எடுத்தேன்: 26.8. k 0.0047. நான் கற்பனை செய்திருந்த எண் கால் பங்கு கூடுதல்.

"ரீடிங் கெடலை. ஆனா நான் நேத்து பையனை ஸ்கூல்ல விடாம வந்தேன். அவங்க அப்பா லேட்டாப் போனாரு" என்றார். இதற்கு எந்தப் பதிலும் என்னிடம் தயாராக இல்லை. ரெகார்டில் V∞ எடுத்த தேதியை அப்படியே 22 என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 28, புதன்

அடுத்த பேட்ச்சுக்கு இந்த வாரம் அதே சோதனை. காலை எட்டு மணிக்குத் திறந்து விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மேடம் முடியாது என்றுவிட்டார். ஒரு பங்கை எடுத்து வாட்டர் பாத்தில் 60 டிகிரியில் சூடாக்கி, அன்றே V∞ எடுக்கச் சொல்லியிருக்கிறார். மெத்தில் அசிட்டேட் 57 டிகிரியிலேயே கொதிக்கும். கார்க் கொஞ்சம் தளர்ந்தாலும் எஸ்டர் ஆவியாகப் போய் ரீடிங் குறைந்துவிடும். இரண்டு பேருக்கு 23-தான் வந்ததாம், மறுபடி செய்கிறார்கள். கேன்டீனில் என்னைப் பார்த்து ஒருவன், "உன் தூக்கத்துக்கு நாங்க ஏண்டா வாட்டர் பாத் முன்னாடி நிக்கணும்?" என்றான். டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.