அறை இல்லை, ஆனால் வேறு ஹோட்டல் உண்டு: ஓவர்புக்கிங் செய்தி ஒன்றின் கணக்கு

அக்காவும் நானும் ஊர் போய்ச் சேர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தபோது, நாங்கள் தங்கவிருந்த ஹோட்டலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் வாசகத்தை முழுதாகவே தருகிறேன்.

"வணக்கம். இன்று முதல் மூன்று இரவுகளுக்கு எங்களிடம் அறை பதிவு செய்திருக்கிறீர்கள். எங்களிடம் உள்ள அறைகளைவிட அதிகமான முன்பதிவுகளை இன்றைக்கு ஏற்றுவிட்டோம். இன்று காலி செய்ய வேண்டிய சிலரும் தங்கலை நீட்டித்துவிட்டார்கள். ஆகவே இன்றிரவு மட்டும் உங்களுக்கு அறை தர இயலவில்லை. தவறு எங்களுடையது. எங்கள் குழுமத்தைச் சேர்ந்த மற்றொரு ஹோட்டலில், இங்கிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், இரட்டைக் கட்டில் அறை ஒன்றை உங்கள் பெயரில் ஒதுக்கியிருக்கிறோம். அதன் வாடகையை நாங்களே அந்த ஹோட்டலுக்குச் செலுத்துகிறோம். நீங்கள் முன்பே கட்டிய தொகையில் இன்றைய இரவுக்கான வாடகை உங்கள் கார்டுக்கு 7 வேலை நாட்களுக்குள் திரும்பி வரும். இன்று அங்கே செல்வதற்கும் நாளை இங்கே வருவதற்கும் டாக்ஸிச் செலவு எங்களுடையது. நாளை பகல் 12 மணிக்கு உங்கள் அறை தயாராக இருக்கும். சிரமத்திற்காக, ஓர் இரவு வாடகையில் பாதி மதிப்புள்ள வவுச்சர் தருகிறோம். இந்த ஏற்பாடு வேண்டாம் என்றால் மூன்று இரவுக்கான தொகையையும் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தருகிறோம். மாலை 5 மணிக்குள் பதில் தெரிவிக்கவும்."

படித்து முடித்ததும் கோபம் வந்தது உண்மைதான். ஆனாலும் இந்த வகையில் நான் பார்த்த செய்திகளிலேயே இதுதான் நேர்மையானது என்று இப்போதும் நினைக்கிறேன். "எதிர்பாராத நிர்வாகக் காரணங்களால்" என்று எழுதிக் கைகழுவாமல், அறைகளைவிட அதிகமாக விற்றுவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் வரவேற்பறையில் பெட்டியோடு போய் நிற்கும் வரை காத்திருக்காமல், வழியில் இருக்கும்போதே தெரிவித்தும் விட்டார்கள்.

பதில் எழுதும் முன் ஒரு காரியம் செய்தோம். ஹோட்டலின் பெயரில் செய்தி அனுப்பி, "பணத்தைத் திருப்பித் தர உங்கள் கார்டு விவரம் வேண்டும்" என்று கேட்கும் மோசடி எங்கும் நடக்கிறது. முன்பதிவுத் தளங்களின் செய்திப் பெட்டிக்குள்ளேயே புகுந்துகூட அப்படிக் கேட்கிறார்கள். ஆகவே மின்னஞ்சலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணை அழைத்தோம். முன்பதிவுப் பிரிவில் பேசிய பெண், செய்தியை அனுப்பியது தாங்கள்தான் என்று உறுதி செய்தார். கார்டு விவரம் எதையும் கேட்கவில்லை. கட்டிய கார்டுக்கே பணம் திரும்புவதென்றால் அதைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

எங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவரிடமே கேட்டேன். பதிவு செய்தவர்களில் சிலர் ஒவ்வொரு நாளும் வராமல் போவார்கள், சிலர் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள். அந்த அறைகள் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதற்காகப் பழைய கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக விற்பது ஹோட்டல்களின் வழக்கம். கணக்கு பிசகும் நாளில் யாராவது வெளியே போக வேண்டியிருக்கும். வழக்கமாக அது ஒரே ஒரு இரவு தங்க வருபவராகவோ, இரவு வெகு நேரம் கழித்து வருபவராகவோ, குறைந்த வாடகையில் பதிவு செய்தவராகவோ இருக்கும். குழுமத்தின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவரைக் கடைசியில்தான் தொடுவார்கள். மூன்று இரவு தங்குபவரை அனுப்பினால் மறுநாள் திரும்ப அழைத்துவர வேண்டுமே என்று அதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் இரட்டைக் கட்டில் அறைகள்தான் தீர்ந்திருந்தன. ஹோட்டலில் வேறு வகை அறை ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். "ஒற்றைப் பெரிய கட்டில் போதுமென்றால் பார்க்கிறேன்" என்றும் அவர் சொன்னார். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இனி பணத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட செய்திகளில் "இழப்பீடு" என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறு வேறு பணங்கள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை, தருவது அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது. ஓர் இரவின் வாடகையை 100 என்றும் அதன் மேல் வரியை 10 என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு 330 முன்கூட்டியே கட்டியிருந்தோம். மாற்று ஹோட்டலின் இணையதளத்தில் அதே இரவுக்கு வரியோடு 140 போட்டிருந்தது.

முதலாவது, நாம் வாங்காத பொருளுக்குக் கட்டிய நம்முடைய பணம். இன்றிரவு அந்த ஹோட்டலில் தங்கவில்லை. ஆகவே 110 நம்முடையது, அதைத் திருப்பித் தருவது சலுகை ஆகாது. இரண்டாவது, இடம் மாறுவதால் ஏற்படும் கூடுதல் செலவு: மாற்று அறையின் விலை வித்தியாசமான 30, போக வர டாக்ஸி, காலை உணவு போன்றவை. இதை அவர்கள் ஏற்றுக்கொண்டால் நமக்கு நஷ்டம் இல்லை, அவ்வளவுதான், லாபமும் இல்லை. மூன்றாவதுதான் உண்மையில் இழப்பீடு, அதாவது திட்டம் குலைந்ததற்கும் பெட்டியை இருமுறை கட்டியதற்கும் தருவது.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு "முதல் இரவு உங்களுக்கு இலவசம்" என்ற பழகிய வாசகத்தைப் பாருங்கள். ஹோட்டல் நம்முடைய 110-ஐத் தானே வைத்துக்கொண்டு, மாற்று ஹோட்டலுக்கு 140 கட்டி, "நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொன்னாலும் அதை இலவசம் என்றே எழுதுவார்கள். ஆனால் நாம் 110 கட்டி ஓர் இரவு தங்கியிருக்கிறோம், இழப்பீடு பூஜ்யம். அதே ஹோட்டல் 140-ஐயும் கட்டி, நம்முடைய 110-ஐயும் திருப்பித் தந்தால் மட்டுமே அந்த இரவு உண்மையில் இலவசம். அப்போது அவர்கள் கட்டிய 140-இல் விலை வித்தியாசமான 30 போக மீதி 110 முழுவதும் இழப்பீடாகிவிடுகிறது. எங்களுக்கு வந்த செய்தி இந்த இரண்டாவது வகை. வாடகையை நாங்கள் அங்கே கட்டுகிறோம் என்று ஒரு வாக்கியமும், நீங்கள் கட்டியது திரும்பி வரும் என்று தனியாக ஒரு வாக்கியமும் இருந்ததால்தான் அது விளங்கியது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

குழும ஹோட்டலுக்கே அனுப்புவதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வெளியார் ஹோட்டலுக்கு அனுப்பினால் அன்றைய சந்தை விலையைக் கட்டியாக வேண்டும். தங்கள் குழுமத்துக்குள் என்றால் பெரும்பாலும் குறைந்த உள்விலையில் முடிந்துவிடும். ஆகவே அவர்களுக்கு ஆன செலவு 140-ஐவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "எங்களுக்கு ஏற்கனவே பெரிய செலவு" என்று அவர்கள் சொன்னால் அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை.

விமானத்தில் இடம் மறுக்கப்பட்டால் பல நாடுகளில் இவ்வளவு தொகை என்று விதியே உண்டு. ஹோட்டல் அறைக்குப் பெரும்பாலும் அப்படி நிர்ணயித்த தொகை கிடையாது. முன்பதிவின் நிபந்தனைகளும் குழுமத்தின் சொந்த வழக்கமும்தான் பேசும். அதனால் பேரம் பேச இடமுண்டு. செய்தியில் விட்டுப்போன நான்கு விஷயங்களைப் போனிலேயே கேட்டேன். திரும்பி வருவது 100-ஆ, வரியும் சேர்த்து 110-ஆ? 110. எங்கள் பதிவில் காலை உணவு அடக்கம், மாற்று அறையில் உண்டா? இல்லை; அதையும் சேர்க்கச் சொல்லிவிடுகிறோம். டாக்ஸிக்கு நாங்கள் கொடுத்து ரசீது காட்ட வேண்டுமா, நீங்களே அனுப்புவீர்களா? இன்றைக்கு ரசீது, நாளை வண்டி அனுப்புகிறோம். வவுச்சருக்குக் காலாவதி உண்டா? ஓராண்டு.

அந்த வவுச்சர்தான் எனக்கு உறுத்தியது. மறுபடி அந்த ஊருக்கு எப்போது போவோம் என்று தெரியாதவருக்கு 50 மதிப்புள்ள வவுச்சரின் மதிப்பு 50 அல்ல. "வவுச்சர் வேண்டாம், மீதி இரண்டு இரவில் நாங்கள் சாப்பிடும் பில்லில் 50-ஐக் கழித்துவிடுங்கள்" என்று கேட்டேன். சற்றுக் காத்திருக்கச் சொல்லி, மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். பேசியதை எல்லாம் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதி அனுப்பச் சொன்னேன். கூடவே மாற்று ஹோட்டலின் முன்பதிவு எண்ணையும் கேட்டேன்.

இன்னொன்றையும் அவரே எச்சரித்தார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். முன்பதிவுச் செயலியில் இருக்கும் ரத்து பொத்தானை நாங்கள் அழுத்தக்கூடாது என்றார். நாம் ரத்து செய்தால் அது விருந்தினர் செய்த ரத்தாகப் பதிவாகி, கட்டணம் பிடிபடலாம்; மூன்று இரவும் சேர்ந்தே போய்விடவும் கூடும். தேதியை மாற்றுவது அவர்கள் கையில்தான் நடக்க வேண்டும். அதேபோல, முதல் நாள் வராதவர் என்று கணினி எங்களைக் குறித்துவிட்டால் மீதி நாட்களும் தானாக விழுந்துவிடும் என்பதால், வருகைத் தேதியை மறுநாளுக்கு மாற்றிய புதிய உறுதிச் சீட்டையும் அனுப்பினார்.

மாற்று ஹோட்டலில் பெரிய சிக்கல் இல்லை. வரவேற்பறையில் கார்டைக் கேட்டபோது அக்கா திடுக்கிட்டாள். அறை வாடகைக்கு இல்லை, உபரிச் செலவுக்கான டெபாசிட்டாக ஒரு தொகையை நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். நிறுத்தி வைப்பதும் பணம் எடுப்பதும் வேறு என்றாலும், கையெழுத்துப் போடும் முன் பதிவுச் சீட்டில் அறை வாடகைக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். "வாடகை: அனுப்பிய ஹோட்டலின் கணக்கில்" என்று அச்சாகியிருந்தது. காலை உணவைப் பற்றி மட்டும் அவர்களுக்குத் தகவல் வரவில்லை. மின்னஞ்சலைக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் வண்டி பதினொன்றரைக்கே வந்தது, அறை ஒரு மணிக்குத்தான் கிடைத்தது. பில்லில் 50 கழிந்திருந்தது, டாக்ஸி ரசீதுக்கான பணத்தைக் கையிலேயே கொடுத்தார்கள். கார்டுக்கு ஐந்தாம் வேலை நாளில் 100 வந்தது. வரிக்கான 10 வரவில்லை என்று அந்த மின்னஞ்சல் தொடரிலேயே ஒரு வரி எழுதினேன்; கணக்குப் பிரிவிலிருந்து மன்னிப்போடு அதுவும் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது.