அறுசுவை, நற்சுவை, தேன்சுவை...

டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பி, திறக்கப்போகும் மெஸ்ஸுக்குப் பெயர் தேடி பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அறுசுவை. நற்சுவை. தேன்சுவை. தாய்ச்சுவை.

எல்லாமே 'சுவை'யில் போய் முட்டி நின்றன.

முதலில் வந்த சொல்லைத் தொடத் தொட, அதுதான் முந்திக்கொண்டு வரும், மற்றதை வரவிடாது. கொஞ்ச நேரம் விலகினால் புது யோசனை வருகிறதே, அந்தச் சொல்லின் பிடி தளர்கிறது என்பதுதான் அதற்கு ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம்.

2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தபோதைவிட அதிக யோசனைகள் வந்தன. ஆனால் ஒரே சரியான விடை கேட்கும் கேள்விகளில் நடை உதவவில்லை. அதனால் பெயர்களைக் குவிக்க நடக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்காருவதே மேல்.

சீக்கிரமே எழுந்துவிடக் கூடாது. பெயர்கள் திரும்ப வர ஆரம்பிக்கும்வரை எழுத வேண்டும். பிறகு ஒரே வரியில் கேள்வி: "சுவை என்ற சொல் இல்லாமல், சமைப்பவரைச் சொல்லும் பெயர் எது?"

தெரிந்த தெருவில் 15, 20 நிமிடம் நடந்தால் போதும். போனை எடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ரீல்ஸ் பார்த்தால் ஓய்வு மாதிரி இருக்கும், மனம் அலைய இடமே இருக்காது. பாத்திரம் கழுவலாம், தப்பில்லை.

திரும்பி வந்ததும் பழைய பட்டியலைப் பார்க்காமல் புதுத் தாளில் எழுத வேண்டும். பார்த்தால் பழைய சொல் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

முதல் மூன்று பெயரிலும் சுவை வந்தால் இன்னும் பிடி விடவில்லை. கேள்வியை மட்டும் ஒருமுறை படித்துவிட்டுத் தூங்கி, காலையில் போனைத் தொடும் முன் எழுதிப் பார்க்கலாம்.