ரொறன்ரோவுக்கு ஒரு மின்னஞ்சல்: தொலைந்துபோன மட்டக்குறி

மாரி வெள்ளத்தில் எங்கள் ஊர்ச் சிறு குளத்தில் மிகைநீர் வழிந்தோடும் வான் சிதைந்துவிட்டது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் குளம் அது. திருத்த வேலைக்கு ஒப்புதல் கிடைத்தும் வேலை தொடங்கவில்லை, வானைப் பழைய உயரத்துக்கே கட்ட வேண்டும் என்பதால். அரையடி உயர்ந்தால் அலைகரையில் இருக்கும் வயல்கள் மூழ்கும். அரையடி தாழ்ந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் தேறாது. பழைய வரைபடத்தில் வான் மட்டம் 98.35 மீற்றர் என்று இருக்கிறது. அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கல்ல. அளந்தவர் ஓர் இடத்தைத் தெரிவுசெய்து அதை 100.00 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்திருக்கிறார். அந்த மட்டக்குறி எந்த இடம் என்பதை வரைபடம் சொல்லவில்லை.

அளவைப் புத்தகம் இருக்கும் என்று நம்பி அலுவலகத்துக்குப் போனேன். கமக்காரர் அமைப்பின் கடிதம் வேண்டும் என்றார் எழுதுவினைஞர். கடிதத்தோடு போனபோது, குளத்தை அளந்த திட்டத்தின் கோப்புகள் தங்களிடம் வரவே இல்லை என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீள்குடியேற்றக் காலத்தில் அந்தக் குளத்தை அளந்தவர், அப்போது என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். பல வருடங்களாகத் தொடர்பில்லை. திட்ட அலுவலகம் கொடுத்திருந்த பழைய முகவரிக்கு எழுதினேன். Address not found என்று திரும்பி வந்தது. திரும்பி வந்தது நல்லதாயிற்று. மூடிய திட்டங்களின் முகவரிகள் சில வேறொருவரின் பெட்டியில் போய் விழும். எழுதியவர் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருப்பார். இருவருக்கும் தெரிந்த அண்ணா ஒருவர் அவருடைய புதிய முகவரியை உடனே தர முன்வந்தார். முதலில் அக்காவிடம் கேளுங்கள் என்றேன். மறுநாள் சம்மதம் வந்தது.

எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான இழுபறி. அமைப்பின் தலைவர் ஐயா பக்கத்திலிருந்து, "கனடாவில்தானே இருக்கிறா. வான் கட்டக் கொஞ்சக் காசும் கேளுங்கோ தம்பி" என்றார். நான் மறுத்துவிட்டேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு வரும் கடிதத்தில் காசு என்ற சொல் இருந்தால், மட்டக்குறி பற்றிய கேள்வி அதற்கு முன்னால் போட்ட சாட்டாகத்தான் தெரியும். ஐயாவுக்கு என்மேல் மனவருத்தம். ஆனாலும் பணியவில்லை. பொருள் வரியில் குளத்தின் பெயரையும் 'வான் மட்டம்: ஒரு கேள்வி' என்பதையும் போட்டேன். 'வணக்கம்' என்று மட்டும் இருந்தால், தெரியாத முகவரியிலிருந்து வருவதை யார் திறப்பார்கள்? உள்ளே எழுதியது இவ்வளவுதான்:

"அன்புள்ள அக்கா, நீங்கள் அளந்த குளத்தின் வான் இந்த மாரியில் உடைந்துவிட்டது. துருசுக்கும் கட்டுக்கும் சேதமில்லை. பழைய மட்டத்துக்கே வானைக் கட்டப்போகிறார்கள். வரைபடத்தில் 100.00 என்று வைத்த மட்டக்குறி எந்த இடம் என்று நினைவிருக்கிறதா? நினைவில்லை என்றால் 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். வேறு வழி பார்க்கிறோம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அளவு இன்றைக்கும் எங்களுக்குத் தேவைப்படுகிறது."

தண்ணீர் திறந்துவிடும் துருசும் வானும் தெரிகிற இரண்டு படங்களைச் சிறிதாக்கி இணைத்தேன். படத்தைக் கண்டால் இடம் நினைவுக்கு வரும். கேள்வியை விளக்க நீண்ட பந்தியும் தேவைப்படாது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்பதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்திருந்தால் அவரும் தம் பங்குக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

சில நாள் சத்தமில்லை. நினைவூட்டச் சொல்லி ஐயா நெருக்கினார். நான் பொறுத்தேன். வார இறுதியில் பதில் வந்தது. துருசின் மேற்கட்டில், குளத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்க மூலை. உளியால் கொத்திய சிலுவைக் குறி. மேலே பூசிய சிவப்பு மை இப்போது இராது, பாசியைச் சுரண்டிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பாலை மரத்து வேரில் ஓர் ஆணியும் அடித்தாராம். மரம் வளர்ந்திருக்கும், அதை நம்ப வேண்டாம் என்றும் சேர்த்திருந்தார்.

சுரண்டினோம். சிலுவை இருந்தது! மட்டக் கருவியை வைத்து, உடையாமல் எஞ்சியிருந்த வான் துண்டைப் பார்த்தால், சிலுவைக்கு 1.65 மீற்றர் கீழே சரியாக நின்றது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்த இடத்திலேயே மட்டத்தை ஏற்றுக்கொண்டார்.

அன்றிரவே சிலுவையின் படத்தையும் அளவையும் அக்காவுக்கு அனுப்பினேன். உதவியவருக்கு முடிவைத் தெரிவிக்காமல் விடக்கூடாது. இந்த முறையாவது மட்டக்குறியின் இடத்தைப் புதிய வரைபடத்தில் எழுதிவிடுங்கள் என்று பதில் போட்டார். வரைபடத்திலும் அமைப்பின் கூட்டக் குறிப்பேட்டிலும் எழுதியாயிற்று. காலபோகத்துக்கு முன் வான் வேலை முடிய வேண்டும்.