அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்: எங்கள் 40 விநாடி வீடியோ உருவான விதம்

ஹட்டன் பக்கம் நானும் அண்ணியும் வீடு சுத்தம் செய்து கொடுக்கும் வேலையைத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இதுவரை வேலை வந்ததெல்லாம் வாய்ச்சொல்லில்தான். இந்த வருடம் ஒரு வீடியோ போடலாம் என்று முடிவெடுத்தோம். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் காட்டி, கடைசியில் எப்படி எங்களை அழைப்பது என்று சொல்லும் வீடியோ. நாற்பது விநாடிதானே, ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

எந்த இடத்தைக் காட்டுவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. மழைக்காலத்தில் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பிரச்சினை பூஞ்சணம்தான். அதுவும் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரிக்குப் பின்னால். சுவர் குளிர்ந்து கிடக்கும், காற்று போக வழியில்லை, அறையின் ஈரலிப்பு அங்கே படிந்து கறுப்புக் கறுப்பாகப் பூத்துவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு டீச்சரிடம் கேட்டோம். "எடுங்கம்மா, ஆனா வீட்டு ஆக்கள் படம் ஒண்டும் விழக்கூடாது" என்றார். அது நியாயம். அலுமாரி மேல் இருந்த குடும்பப் படத்தையும், பெயர் எழுதியிருந்த கலண்டரையும் முதலிலேயே எடுத்து வைத்தோம்.

முதல் நாள் காலையில் பழுதான சுவரைப் படம் பிடித்தோம். பிறகு வேலையை முடித்து, மாலை ஐந்து மணிக்கு ட்யூப் லைட்டைப் போட்டுச் சுத்தமான சுவரை எடுத்தோம். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுத்தமான சுவர் முன்பை விடக் கறுப்பாகத் தெரிந்தது.

கல்யாண வீடியோ எடுக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு மூன்று காரணம் சொன்னான். ஒன்று, சுவர் இன்னும் ஈரம். ஈரமான சுவர் எப்போதும் கறுத்துத்தான் தெரியும். இரண்டு, காலையில் ஜன்னல் வெளிச்சம், மாலையில் லைட் வெளிச்சம். நிறமே மாறிவிடுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் புதிது. போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளையான சுவர் படம் முழுக்க நிறைந்தால், இது அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று எண்ணி இருட்டாக்கிவிடும். அதனால் நாம் எவ்வளவு வெள்ளையாக்கினாலும் போன் அதைச் சாம்பலாகவே காட்டும்.

அவன் சொன்ன வழி இதுதான். சுவரின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, முன், பின் இரண்டு படத்திலும் அதே தாள் அதே இடத்தில் இருக்கும்படி வைப்பது. போனில் அந்தத் தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சில போன்களில் `AE/AF LOCK` என்று வரும், சிலவற்றில் பூட்டுப் படம் வரும். அப்புறம் வெளிச்சம் மாறாது. இரண்டு படத்திலும் தாள் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் நாம் ஏமாற்றவில்லை என்று பார்ப்பவருக்கும் புரியும். பில்டர் போட்டு எடுத்தது என்று சொல்ல இடமிருக்காது.

அடுத்த கிழமை இன்னொரு அறையின் சுவரை எடுத்தோம். போன் ஸ்டாண்டின் மூன்று காலும் நின்ற இடத்தில் தரையில் இன்சுலேசன் டேப் ஒட்டினேன். முன் படம் காலை பத்து மணிக்கு, பின் படம் மறுநாள் அதே பத்து மணிக்கு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு. இங்கே மூடுபனி இறங்கினால் பத்து மணியும் அந்திபோல ஆகிவிடும், அதனால் பனி விலகும் வரை அரை மணி நேரம் காத்திருந்தோம்.

இந்த முறை சுவர் சரியாக வந்தது. ஆனால் நடுவில் வேலை செய்யும் காட்சியில் அண்ணி கையுறை போடாமல் நின்றார். அவருக்குப் பழக்கம். ஆனால் வீடியோ பார்த்து வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இருப்பார்களே. பிளீச் வேலை அது. அந்தக் காட்சியை மட்டும் மூன்றாவது முறை எடுத்தோம்: ஜன்னல் திறந்திருக்கிறது, முகக்கவசம், கையுறை, சுவரை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடைக்கிறார். காய்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டினால் தூள் அறையெல்லாம் பறக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கலந்த பிளீச். பக்கத்தில் கழிவறை கழுவும் அமிலப் போத்தல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

ஸ்கிரிப்டை நான் முதலில் எழுதியது "வணக்கம், நாங்கள் இரண்டு வருடமாக" என்று. தம்பி அதை வெட்டிவிட்டான். நம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார் என்றான். கடைசியில் எழுதியது இப்படி:

முதல் 5 விநாடி: இருவர் அலுமாரியை இழுக்கிறார்கள், பின்னால் கறுத்த சுவர். குரல்: "உங்கள் அலுமாரிக்குப் பின்னால் பார்த்தீர்களா?"
அடுத்த 7 விநாடி: சுவர் அசையாமல். குரல்: "ஈரலிப்பும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம்."
அடுத்த 10 விநாடி: அண்ணி துடைக்கிறார், வாளித் தண்ணீர் கறுக்கிறது. குரல் இல்லை, துடைக்கும் சத்தம் மட்டும்.
அடுத்த 8 விநாடி: மறுநாள், அதே இடம், அதே தாள், வெள்ளைச் சுவர். குரல்: "கூரை ஒழுகினால் மறுபடி வரும். முதலில் அதைத் திருத்துங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி வையுங்கள்."
கடைசி 10 விநாடி: பெரிய எழுத்தில் இலக்கம். குரல்: "வட்ஸ்அப்பில் மூன்று விஷயம் அனுப்புங்கள்: அறையின் படம், உங்கள் ஊர், வசதியான நாள்."

கூரை பற்றிய வரியில் அண்ணிக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "நம்ம வேலைய நாமே குறைச்சுச் சொல்றதா?" என்றார். நான் விடவில்லை. சொல்லாமல் விட்டால் மூன்று மாதத்தில் மறுபடி கறுத்ததும் நாங்கள் சரியாகச் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். பழைய பெயின்ற்றில் ஊறிப்போன கறை முழுதாகப் போகாது என்பதும் உண்மை. பின் படத்தில் இடது மூலையில் மங்கலாக ஒரு கறை தெரிகிறது, அதை நான் மறைக்கவில்லை.

சத்தம் போடாமல் பார்ப்பவர்களுக்காக வசனம் எல்லாவற்றையும் எழுத்தாகவும் போட்டோம். டவுனில் சிங்கள வாடிக்கையாளர்களும் இருப்பதால், சிங்கள எழுத்தோடு இன்னொரு பிரதியும் செய்தோம்.

போட்ட அன்று ஒருவரும் வரவில்லை. டீச்சர்தான் போன் பண்ணிச் சொன்னார், வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கை அழுத்தினால் வேலை செய்யவில்லை என்று. நான் 077 என்று தொடங்கும் இலக்கத்தை அப்படியே போட்டிருந்தேன். அந்த லிங்கில் முன்னால் வரும் பூச்சியத்தை எடுத்துவிட்டு இலங்கையின் 94-ஐப் போட வேண்டும், கூட்டல் குறியும் இடைவெளியும் கூடாது:

```
https://wa.me/9477XXXXXXX
```

மாற்றியதும் வேறு இரண்டு போன்களில் அழுத்திப் பார்த்தேன். அன்று இரவே கொட்டகலையிலிருந்து ஒரு செய்தி: படுக்கையறைச் சுவரின் மூன்று படம், ஊர்ப் பெயர், "சனிக்கிழமை காலை சரியா?" படத்தைப் பார்த்ததும் எத்தனை பேர் போக வேண்டும், எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துவிட்டது. பஸ் செலவையும் சேர்த்து விலையைச் சொன்னேன். சனிக்கிழமை எட்டரைக்கு அங்கே இருந்தோம்.