கூப்பன் ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் ரத்து செய்தால்: ஒரு திரீ அமிகோஸ் உரையாடல்

இணைய விற்பனைத் தளம் ஒன்றை உருவாக்கும் குழுவில் நான் டெஸ்டராக இருக்கிறேன். கோடிங் தொடங்கும் முன்பே, பயனருக்கு வேண்டிய ஒரு வசதியைச் சுருக்கமாகச் சொல்லும் ஒவ்வொரு ஸ்டோரியையும் அனலிஸ்ட், டெவலப்பர், டெஸ்டர் ஆகிய மூவரும் உட்கார்ந்து அலசுவது எங்கள் குழுவின் வழக்கம். திரீ அமிகோஸ் என்று அழைக்கப்படும் இந்த உரையாடல் உண்மையில் எப்படி நகர்கிறது என்பதை, நான் கலந்துகொண்டவற்றில் மிகவும் பயன் தந்த ஒன்றைக் கொண்டு விவரிக்கிறேன்.

எங்கள் முன் வந்த ஸ்டோரி எளிமையானதாகவே தோன்றியது: வாடிக்கையாளர் தம் ஆர்டரில் உள்ள ஒரு பொருளை மட்டும் ரத்து செய்து, அதற்குரிய பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதன் கீழே, "ரத்து செய்த பொருளின் தொகை திருப்பித் தரப்பட வேண்டும்" என்று ஒரே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அனலிஸ்ட் இதை முந்தைய நாளே எங்களுக்கு அனுப்பிவிட்டார். படித்துவிட்டு வருவதற்கு அவகாசம் தராமல் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால், கேட்பவர்கள் தலையாட்டுவதோடு சரி.

மாட் வின் அறிமுகப்படுத்திய எக்ஸாம்பிள் மேப்பிங் என்ற முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். ஸ்டோரிக்கு மஞ்சள் அட்டை, விதிகளுக்கு நீலம், ஒவ்வொரு விதிக்கும் கீழே எடுத்துக்காட்டுகளுக்குப் பச்சை, மூவராலும் விடை சொல்ல முடியாத கேள்விகளுக்குச் சிவப்பு. ஏறத்தாழ 25 நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் ஸ்டோரி பெரிது அல்லது இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

கூப்பன் பயன்படுத்திய ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். ஒரு பொருள் 600, இன்னொன்று 500, மொத்தம் 1100. குறைந்தது 1000க்கு வாங்கினால் 200 தள்ளுபடி தரும் கூப்பன் ஒன்று இருக்கிறது. ஆகவே வாடிக்கையாளர் செலுத்தியது 900. இப்போது அவர் 500 மதிப்புள்ள பொருளை ரத்து செய்கிறார். எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

அனலிஸ்ட் தயங்காமல் 500 என்றார். "அப்படியானால் மீதியுள்ள 600 பொருளையும் அவர் மறுநாள் ரத்து செய்தால்?" என்று டெவலப்பர் கேட்டார். 500ம் 600ம் சேர்ந்து 1100 ஆகிறது. அவர் செலுத்தியதோ 900தான். செலுத்தியதைவிட அதிகமாகத் திருப்பித் தர பேமென்ட் கேட்வே அனுமதிக்காது என்பதால், இரண்டாவது கோரிக்கை தோல்வியடையும் என்றும் அவரே விளக்கினார். ஸ்டோரியில் எழுதியிருந்த ஒரே நிபந்தனை அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அதற்கு மாற்றாக முதல் நீல அட்டை எழுதினோம்: ஓர் ஆர்டருக்குத் திருப்பித் தரும் தொகைகளின் கூட்டுத்தொகை, செலுத்திய தொகையை ஒருபோதும் மீறக்கூடாது.

மீதமுள்ள பொருளின் மதிப்பு 600 என்பது கூப்பனின் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே இருப்பதால், கூப்பனையே செல்லாததாக்கிவிடலாம் என்பது அனலிஸ்டின் அடுத்த யோசனை. அதன்படி அவர் 600ஐ முழுமையாகச் செலுத்த வேண்டும். ஏற்கெனவே 900 செலுத்தியிருப்பதால் 300 திரும்பக் கிடைக்கும். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் எண்களை மாற்றிப் பார்ப்பது டெஸ்டர்களின் பழக்கம். 900க்கு ஒரு பொருள், 150க்கு ஒரு பொருள், அதே கூப்பன் என்று வைத்துப் பார்த்தேன். மொத்தம் 1050, செலுத்தியது 850. 150 பொருளை ரத்து செய்தால் மீதி 900. கூப்பன் செல்லாது என்றால் வாடிக்கையாளர் நமக்கே 50 தர வேண்டியிருக்கும்! பொருளை ரத்து செய்தவரிடம் கூடுதல் பணம் கேட்க முடியுமா என்ற கேள்விக்கு எங்கள் மூவரில் யாரிடமும் விடையில்லை. அது சிவப்பு அட்டையாகப் பதிவானது. இத்தகைய கேள்விக்கு அந்த அறையிலேயே ஊகித்து விடை எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். "அநேகமாக இப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் உடனே சிவப்பு அட்டையை எடுப்பது எங்கள் ஏற்பாடு.

மூன்றாவது வழி, தள்ளுபடியை விலை விகிதத்தில் பொருள்களுக்குப் பங்கிடுவது. 200இல் 500 பொருளின் பங்கு 90.91, ஆகவே 409.09 திரும்பும். 600 பொருளின் பங்கு 109.09, அதற்கு 490.91 திரும்பும். இரண்டையும் கூட்டினால் சரியாக 900. தலா 400 விலையுள்ள மூன்று பொருள்களை வைத்துப் பார்த்தபோது மட்டும் சிக்கல் எழுந்தது: ஒவ்வொன்றின் பங்கும் 66.67 என்று முழுமையாக்கப்படுவதால் தலா 333.33தான் திரும்புகிறது, மூன்றும் சேர்ந்து 999.99, செலுத்தியதோ 1000. கடைசியாக ரத்தாகும் பொருள் மீதித் தொகை முழுவதையும் பெறும் என்று இன்னொரு விதி சேர்ந்தது.

இந்தக் கட்டத்தில் டெவலப்பர் சொன்ன ஒரு தகவல் ஸ்டோரியின் அளவையே மாற்றியது. தள்ளுபடி மொத்தமாக ஆர்டரில்தான் சேமிக்கப்படுகிறது, பொருள்வாரியாகச் சேமிக்கப்படுவதில்லை. பின்னாளில் ஒரு பொருளின் விலை திருத்தப்பட்டால் பங்கைச் சரியாகக் கணக்கிட இயலாது. ஆகவே ஆர்டர் பதிவாகும்போதே பங்கைக் கணக்கிட்டுச் சேமிக்க வேண்டும். உடனே எந்த டேபிளில் எந்த நெடுவரிசையைச் சேர்ப்பது என்று அவர் விவரிக்கத் தொடங்கினார், நாங்கள் நிறுத்தினோம். வடிவமைப்புப் பேச்சுக்குள் நுழைந்தால் அனலிஸ்ட் அமைதியாகிவிடுவார், உரையாடல் இருவருடையதாகச் சுருங்கிவிடும். நானும் குற்றமற்றவர் அல்லர். எல்லை நிலைகளை அடுக்கிக்கொண்டே போனால் என்னையும் இப்படித்தான் நிறுத்துவார்கள். புதிய விதி எதையும் வெளிக்கொணராத எடுத்துக்காட்டை டெஸ்ட் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டோரியை இரண்டாகப் பிரித்தோம். கூப்பன் இல்லாத ஆர்டரில் ஒரு பொருளை ரத்து செய்வதற்குக் கேள்விகள் எதுவும் மீதமில்லாததால், அதை அடுத்த ஸ்பிரிண்டில் எடுக்க முடிந்தது. கூப்பன் ஸ்டோரி சிவப்பு அட்டையோடு புராடக்ட் ஓனரிடம் சென்றது. நாங்கள் அவரிடம் மூன்று வழிகளையும் எண்களோடு காட்டினோம். கூடுதல் பணம் கேட்கும் வாய்ப்பே இருக்கக்கூடாது என்று சொல்லி விகிதமுறையை அவர் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகே நான் பச்சை அட்டைகளை இவ்வாறு டெஸ்ட் வரிகளாக மாற்றி எழுதினேன்:

```gherkin
Scenario: கூப்பன் ஆர்டரில் ஒரு பொருள் ரத்து
  Given 600, 500 விலையுள்ள இரு பொருள்கள், 200 தள்ளுபடி
  When 500 விலையுள்ள பொருள் ரத்து செய்யப்படுகிறது
  Then திருப்பித் தரும் தொகை 409.09
```

இந்த வரிகளை உரையாடலின்போதே எழுத முயல்வதை நான் தவிர்க்கிறேன். சொற்களைச் சீர்படுத்துவதில் நேரம் போய்விடும், அட்டையில் "600+500, 500 ரத்து, 409.09" என்ற கிறுக்கல் போதும். ஆனால் எண் இல்லாத பச்சை அட்டையை நாங்கள் ஏற்பதில்லை. "தள்ளுபடி சரியாகக் கழிக்கப்படும்" என்று எழுதியிருந்தால், மூவரும் மூன்று வெவ்வேறு தொகைகளை மனத்தில் வைத்துக்கொண்டே ஒப்புதல் தந்திருப்போம்.

உரையாடலில் எங்கள் கண்ணில் படாத ஒன்றும் உண்டு. டெலிவரி கட்டணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கட்டணம் இல்லை என்ற விதி வேறொரு குழுவின் பொறுப்பில் இருந்ததால், கோடிங் பாதியில் இருந்தபோதுதான் அது வெளிவந்தது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட எண்கள் மாறவில்லை. டெலிவரி கட்டணத்துக்குத் தனி ஸ்டோரி எழுதினோம், அதற்கான உரையாடலுக்கு அந்தக் குழுவின் டெவலப்பரையும் நான்காவது ஆளாக அழைத்தோம். பொருள்வாரிப் பங்கு சேமிக்கப்படாத பழைய ஆர்டர்களுக்கு மட்டும் ரத்து பொத்தானைக் காட்டாமல், வாடிக்கையாளர் சேவைக்குச் செல்லும் இணைப்பை வைத்திருக்கிறோம்.